ராக்கெட்டின் வேகம் கூடுகிறது, கேமராவின் வேகம் ஏன் குறைகிறது?

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அந்தச் சாலை வழியாக ஒருமுறை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ராக்கெட் பார்க்கப் போயிருந்தேன். பொதுமக்களுக்காக 2019-ல் திறந்த பார்வையாளர் மாடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. அவன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. செல்போனைச் சின்ன ஸ்டாண்டில் மாட்டி, ஜூமை முடிந்தவரை இழுத்து வைத்து, ஏவுதளம் இருக்கும் திசையைப் பார்த்துத் தயாராக நின்றான்.

தீப்பிழம்பு தெரிந்தது. ராக்கெட் கிளம்பியது. முதல் சில விநாடிகள் படம் அழகாக வந்தது. போனை லேசாக மேலே சாய்த்தாலே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தடுமாற்றம். "மாமா, போச்சு!" என்றான். திரையில் வெறும் புகை. போனை மேலே தூக்கினால் ராக்கெட்டைத் தாண்டிப் போகிறது. இறக்கினால் மறுபடி புகை. எப்படியோ மீண்டும் பிடித்துவிட்டான். பிடித்த பிறகு கை நடுங்காமல், நிதானமாக, ராக்கெட் புள்ளியாகும்வரை படமெடுத்தான்.

திரும்பி வரும்போது அவன் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை. "கடைசியில ராக்கெட் இன்னும் வேகமாத்தானே மாமா போச்சு? அப்ப ஈஸியா பிடிக்க முடிஞ்சுது. நடுவுல மட்டும் ஏன் நழுவுச்சு?"

நல்ல கேள்வி. இதற்கான விடை அவனுடைய கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. செங்குத்தாக மேலே போகும் ராக்கெட்டைத் தரையில் உள்ள கேமரா பின்தொடர்கிறது. ஏற்றக்கோணம் மாறும் வீதம் என்ன என்ற கணக்கை வகை நுண்கணிதம் படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது போட்டிருப்பார்கள். போட்டுவிட்டு, விடைக்குக் கீழே கோடு கிழித்து, அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள்.

உயரம் வேறு, கோணம் வேறு

ஏவுதளத்திலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி ஒரு கேமரா நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரை சமதளம். ராக்கெட் நேராக மேலே போகிறது. கேமராவிலிருந்து ஏவுதளத்துக்கு ஒரு கோடு, ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டுக்கு ஒரு கோடு, ராக்கெட்டிலிருந்து கேமராவுக்கு ஒரு கோடு. மூன்றும் சேர்ந்தால் செங்கோண முக்கோணம். கேமரா இருக்கும் முனையில் உள்ள கோணம்தான் ஏற்றக்கோணம். பத்தாம் வகுப்பில் கலங்கரை விளக்கத்தையும் கோயில் கோபுரத்தையும் வைத்துப் படித்தோமே, அதே கோணம்.

கோபுரம் நகராது. ராக்கெட் நகரும். வித்தியாசம் அவ்வளவுதான். அடிப்பக்கம் 4 கிலோமீட்டர், அது மாறாது. உயரம் ஒவ்வொரு கணமும் கூடுகிறது, அதனால் கோணமும் கூடுகிறது. ஆனால் இரண்டும் ஒரே தாளத்தில் கூடுவதில்லை. ராக்கெட் தரைக்கு அருகில் 100 மீட்டர் ஏறினால், கேமரா ஏறத்தாழ ஒன்றரை டிகிரி நிமிர வேண்டும். அதே ராக்கெட் 12 கிலோமீட்டர் உயரத்தில் 100 மீட்டர் ஏறினால், டிகிரியில் ஏழில் ஒரு பங்கு நிமிர்ந்தால் போதும். ஏறிய தூரம் ஒன்றுதான். கேமராவுக்கு வேலை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உயரே போகப் போக ராக்கெட் கேமராவை விட்டும் விலகுகிறது. தொலைவில் போகும் பேருந்து மெதுவாக ஊர்வதுபோலத் தோன்றுகிறதே, அது முதல் காரணம். கேமரா நிமிர நிமிர, ராக்கெட்டின் ஓட்டம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக இல்லாமல், அந்தக் கோட்டின் வழியாகவே ஓடுவதுபோல ஆகிவிடுகிறது. இது இரண்டாவது காரணம். ரயில் நிலைய நடைமேடையில் நிற்பவருக்கு, நேர் எதிரே வரும் ரயில் தூரத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். பக்கத்தில் வந்து கடக்கும்போதுதான் கழுத்து திரும்பும். ராக்கெட்டுக்கு இது தலைகீழாக நடக்கிறது. முதலில் குறுக்கே ஓடுகிறது, பிறகு விலகி ஓடுகிறது.

ஒரு கணத்தை நிறுத்திப் பார்ப்போம்

ராக்கெட் 3 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் கணத்தில் அதன் வேகம் விநாடிக்கு 200 மீட்டர். அடிப்பக்கம் 4, உயரம் 3 என்றால், கேமராவுக்கும் ராக்கெட்டுக்கும் நேர்கோட்டுத் தூரம் 5 கிலோமீட்டர். ஏற்றக்கோணம் ஏறத்தாழ 36.9 டிகிரி.

நுண்கணிதம் இல்லாமலே விடையைக் கண்டுபிடிக்கலாம். 200 மீட்டர் வேகத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதி பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே போகிறது, இன்னொரு பகுதி கோட்டின் வழியாக விலகிப் போகிறது. 3-4-5 முக்கோணத்தில் குறுக்குப் பகுதி 200-ல் ஐந்தில் நான்கு, அதாவது 160. விலகும் பகுதி ஐந்தில் மூன்று, அதாவது 120. கேமராவைத் திருப்புவது அந்த 160 மட்டும். அதை 5,000 மீட்டர் தூரத்தால் வகுத்தால் 0.032. இந்த விடை ரேடியனில் வருகிறது. ஒரு ரேடியன் சுமார் 57.3 டிகிரி. ஆக, கேமரா அந்தக் கணத்தில் விநாடிக்கு 1.83 டிகிரி நிமிர வேண்டும்.

வகுப்பறை வழியும் இதே இடத்துக்குத்தான் வரும். உயரம் h, அடித்தூரம் d, வேகம் v, கோணம் θ என்று வைத்தால்:

tan θ = h / d

இருபுறமும் நேரத்தைப் பொறுத்து வகையிட்டால்:

sec²θ × dθ/dt = v / d

அதாவது:

dθ/dt = (v / d) × cos²θ

நம் கணக்கில் v / d என்பது 200 / 4000, அதாவது 0.05. cos θ ஐந்தில் நான்கு. அதன் வர்க்கம் 0.64. இரண்டையும் பெருக்கினால் அதே 0.032.

விடை சரிதானா என்று கால்குலேட்டரை வைத்துச் சோதித்துவிடலாம். வேகம் 200-லேயே இருக்கட்டும். ஒரு விநாடிக்கு முன் உயரம் 2,800 மீட்டர், கோணம் 34.99 டிகிரி. ஒரு விநாடிக்குப் பின் 3,200 மீட்டர், கோணம் 38.66 டிகிரி. இரண்டு விநாடியில் 3.67 டிகிரி, விநாடிக்கு 1.83. பொருந்துகிறது.

இந்தக் கணக்கில் மாணவர்கள் வழுக்கி விழும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 3,000 என்பதை முதலிலேயே போட்டுவிட்டு வகையிடுவது முதல் தவறு. மாறும் ஒன்றை மாறிலியாக்கிவிட்டால் விடை பூஜ்யம்தான் வரும். முதலில் வகையிட வேண்டும், பிறகுதான் எண்களைப் போட வேண்டும். சாய்கோட்டின் 5 கிலோமீட்டரை மாறாதது என்று நினைப்பது இரண்டாவது தவறு. அது விநாடிக்கு 120 மீட்டர் கூடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதுதான் மதிப்பெண்ணை விட அதிகம் கெடுக்கக்கூடியது: 0.032 என்ற விடைக்குப் பக்கத்தில் டிகிரி என்று எழுதுவது. அந்த எண்ணை நம்பி மோட்டாரை இயக்கினால் கேமரா 57 மடங்கு மெதுவாகத் திரும்பும். ராக்கெட் போய்விடும், கேமரா ஏவுதளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

விநாடிக்கு 1.83 டிகிரி என்றால் கடிகாரத்தின் விநாடி முள்ளைவிட மெதுவு; அது விநாடிக்கு 6 டிகிரி நகர்கிறது. அப்படியும் ஏன் கஷ்டம்? ஜூம்தான் காரணம். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால், கிடைவாட்டில் வைத்த படத்தின் உயரத்துக்குள் 2.3 டிகிரி வானம்தான் அடங்கும். கேமராவை அசைக்காமல் வைத்திருந்தால், ராக்கெட் சட்டத்தின் அடியில் நுழைந்து ஒன்றேகால் விநாடியில் மேலே போய்விடும். ஷட்டரை ஐந்நூறில் ஒரு விநாடிக்குத் திறந்தாலும், அந்தச் சிறு இடைவெளியில் பிம்பம் சென்சாரில் ஆறு பிக்சல் நகர்ந்து மங்கிவிடும். கூர்மையான படம் வேண்டுமென்றால் கேமராவும் அதே வீதத்தில் திரும்பியே ஆக வேண்டும்.

முழு நிமிடமும் எப்படிப் போகிறது?

இப்போது அந்த ஒரு கணத்தை விட்டு முழு ஓட்டத்தையும் பார்ப்போம். ராக்கெட் ஓய்விலிருந்து கிளம்பி, விநாடிக்கு விநாடி ஒரே அளவில் வேகம் கூட்டுகிறது என்று வைப்போம். 30-வது விநாடியில் 3 கிலோமீட்டர் உயரமும் 200 மீட்டர் வேகமும் வரும்படி கணக்கிட்டால், வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் 6.67 மீட்டர் கூட வேண்டும். கேமரா அதே 4 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.

| நேரம் (விநாடி) | உயரம் (மீட்டர்) | ராக்கெட்டின் வேகம் (மீ/விநாடி) | ஏற்றக்கோணம் | கேமரா திரும்பும் வீதம் (விநாடிக்கு) |
|---|---|---|---|---|
| 10 | 333 | 67 | 4.8° | 0.95° |
| 20 | 1,333 | 133 | 18.4° | 1.72° |
| 26.3 | 2,309 | 175 | 30° | 1.89° |
| 30 | 3,000 | 200 | 36.9° | 1.83° |
| 40 | 5,333 | 267 | 53.1° | 1.38° |
| 60 | 12,000 | 400 | 71.6° | 0.57° |

கடைசி இரண்டு பத்திகளை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். மருமகன் கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. 30-வது விநாடியிலிருந்து 60-வது விநாடிக்குள் ராக்கெட்டின் வேகம் இரண்டு மடங்காகிறது. கேமராவின் வேகமோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அவன் கடைசியில் ராக்கெட்டைச் சுலபமாகப் பிடித்ததற்குக் கை பழகியது மட்டும் காரணமில்லை. கோணம் மாறும் வீதமே குறைந்துவிட்டிருந்தது.

நடுவில் ஏன் நழுவியது என்பதற்கும் அட்டவணையே பதில் சொல்கிறது. முதல் 20 விநாடி முழுக்க, கேமராவை மேலும் மேலும் வேகமாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. கை அந்தப் பழக்கத்துக்கு வந்துவிடுகிறது. ராக்கெட் வேகமெடுப்பதைக் கண்ணும் பார்க்கிறது, அதனால் இன்னும் வேகமாகத் திருப்பச் சொல்கிறது மனம். ஆனால் 30 டிகிரிக்கு அப்பால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காத கை ராக்கெட்டைத் தாண்டிப் போய்விடும். தாண்டியது தெரிந்ததும் பதறிப்போய் கேமராவைக் கீழே இறக்குவோம். அதற்குள் ராக்கெட் மேலே போயிருக்கும்.

அந்த 30 டிகிரி எங்கிருந்து வந்தது?

அட்டவணையில் 26.3 என்ற ஒழுங்கற்ற விநாடியை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். கேமராவின் வேகம் உச்சத்தைத் தொடுவது அந்தக் கணத்தில்தான். அப்போது கோணம் சரியாக 30 டிகிரி. இது நாம் எடுத்துக்கொண்ட எண்களால் தற்செயலாக வந்ததல்ல. கேமராவை 4 கிலோமீட்டரில் வைத்தாலும் 10 கிலோமீட்டரில் வைத்தாலும், ராக்கெட் சோம்பேறியாக இருந்தாலும் சுறுசுறுப்பாக இருந்தாலும், முடுக்கம் மாறாமல் இருக்கும்வரை உச்சம் 30 டிகிரியில்தான் வரும். தூரமும் முடுக்கமும் மாறினால் அந்த உச்சம் எத்தனை டிகிரி வேகம் என்பதும் எத்தனையாவது விநாடி என்பதும் மாறும், கோணம் மாறாது.

காரணத்தை நான்கே வரியில் சொல்லலாம். மாறாத முடுக்கத்தில் வேகத்தின் வர்க்கம் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உயரமோ tan θ-வுக்கு நேர்விகிதம். ஆகவே கேமரா வேகத்தின் வர்க்கம் tan θ × cos⁴θ என்பதற்கு, அதாவது sin θ × cos³θ என்பதற்கு நேர்விகிதம். இதன் உச்சத்தைத் தேடினால் cos²θ = 3 sin²θ என்று வரும்; அதாவது tan θ = 1/√3. அது 30 டிகிரி. இதில் தூரமும் இல்லை, முடுக்கமும் இல்லை. வழியிலேயே அடிபட்டுப் போய்விட்டன.

உண்மையான ராக்கெட்டில் முடுக்கம் மாறாமல் இருக்காது. எரிபொருள் எரிந்து தீரத் தீர எடை குறைகிறது, உந்துவிசையோ பெரிதாகக் குறைவதில்லை. முடுக்கம் கூடிக்கொண்டே போகும். அப்படிக் கூடினால் உச்சமும் கொஞ்சம் தள்ளிப்போகும். முடுக்கம் பூஜ்யத்தில் தொடங்கி நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், உச்சம் 35 டிகிரியை ஒட்டி வருகிறது. பெரும்பாலான ராக்கெட்டுகள் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில் இருக்கும்.

நிலவுக்குப் போன ராக்கெட்டில்

எல்லோருக்கும் தெரிந்த ஒரு ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 1969 ஜூலை 16 அன்று அப்போலோ 11 கலத்தைச் சுமந்து சென்ற சாட்டர்ன் 5. நீளம் சுமார் 110 மீட்டர். கிளம்பும்போது எடை ஏறத்தாழ 2,900 டன். அதன் ஐந்து எஞ்சின்களும் சேர்ந்து கொடுத்த உந்துவிசை சுமார் 3,400 டன்னைத் தாங்கும் அளவு. எடையைத் தாங்கியது போக மேலே தள்ள மிஞ்சியது 500 டன் அளவுதான். அதனால்தான் அந்தப் பழைய படங்களில் ராக்கெட் தயங்கித் தயங்கி எழும்புவதுபோல இருக்கிறது. தன் உயரத்தைத் தானே ஒருமுறை கடப்பதற்கே அதற்கு 10 விநாடிக்கு மேல் ஆனது.

ஃப்ளோரிடாவில் பத்திரிகையாளர்கள் நின்ற இடம் ஏவுதளத்திலிருந்து சுமார் 5.5 கிலோமீட்டர். அங்கிருந்து பார்த்தால், ராக்கெட் தன் உயரம் அளவுக்கு ஏறியதும் வானத்தில் வெறும் 1.15 டிகிரிதான், முழு நிலவின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு சொச்சம். 10 விநாடி முழுக்க கேமராக்காரர்களுக்கு வேலையே இருந்திருக்காது.

ஆனால் அந்த எஞ்சின்கள் விநாடிக்குச் சுமார் 13 டன் எரிபொருளைக் குடித்தன. 40 விநாடியில் 500 டன்னுக்கு மேல் எடை இறங்கிவிட்டது. மேலே தள்ள மிஞ்சும் விசை அதே அளவு கூடிவிட்டது. தள்ள வேண்டிய எடையும் குறைந்துவிட்டது. காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், முடுக்கம் இரண்டு மடங்கைத் தாண்டியது. 66-வது விநாடி வாக்கில் ஒலியின் வேகத்தைக் கடந்தபோது ராக்கெட் ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. இந்த எண்களை வைத்து நான் தோராயமாகப் போட்டுப் பார்த்ததில், பத்திரிகையாளர் இடத்தில் இருந்த கேமராவின் உச்ச வேகம் விநாடிக்கு 1.3 டிகிரி அளவில், 47-வது விநாடியை ஒட்டி, 32 டிகிரி வாக்கில் வருகிறது. எதிர்பார்த்ததுபோலவே 30-க்கும் 35-க்கும் இடையில்.

நேராகப் போகாத ராக்கெட்

இந்தக் கணக்குக்கு ஒரு பெரிய எல்லை உண்டு. ராக்கெட் செங்குத்தாகப் போகிறது என்பதே அது. சுற்றுப்பாதைக்குப் போகும் எந்த ராக்கெட்டும் வெகுநேரம் அப்படிப் போவதில்லை. பூமியைச் சுற்ற வேண்டுமென்றால் பக்கவாட்டு வேகம் வேண்டும். ஏவுதளக் கோபுரத்தைத் தாண்டிய சற்று நேரத்திலேயே மெல்லச் சாயத் தொடங்கிவிடும். ஸ்ரீஹரிகோட்டாவிலும் ஃப்ளோரிடாவிலும் கடல் பக்கமாகச் சாயும். கரையில் நிற்பவர்களை விட்டு விலகும்.

விலகும்போது மாறாதது என்று வைத்த அடித்தூரமே கூடுகிறது. அப்போது சூத்திரத்தில் இன்னோர் உறுப்பு சேர வேண்டும். ராக்கெட் பார்வையாளரை விட்டு விலகும் கிடைவேகத்தை u என்று வைத்தால்:

dθ/dt = (d × v − h × u) / (d² + h²)

நம் 3-4-5 முக்கோணத்தில் ராக்கெட் 200 மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டே 50 மீட்டர் வேகத்தில் விலகினால், விடை 1.83 டிகிரியிலிருந்து 1.49 டிகிரியாகக் குறைகிறது. பக்கத்தில் 50 மீட்டர் வேகம் சேர்ந்ததால் மொத்த வேகம் கூடியிருக்கிறது. கேமராவோ இன்னும் மெதுவாகிறது.

அப்போலோ 11-ஐ வைத்துப் பார்த்தாலும் இது தெரியும். 66-வது விநாடியில் அது நேராக மேலே இருந்திருந்தால், 5.5 கிலோமீட்டர் தூரத்திலிருந்து 55 டிகிரியில் தெரிந்திருக்கும். அதற்குள் கடல் பக்கம் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் விலகிவிட்டதால், 46 டிகிரி அளவில்தான் இருந்திருக்கும். செங்குத்துக் கணக்கை நம்பி முன்கூட்டியே கேமராவைத் திருப்பி வைத்தவருக்கு வெறும் நீல வானம்தான் கிடைத்திருக்கும்.

கோணத்திலிருந்து ராக்கெட்டை அறிவது

இதுவரை ராக்கெட்டின் வேகத்திலிருந்து கேமராவின் வேகத்தைக் கண்டுபிடித்தோம். ஏவுதளங்களில் இதைத் திருப்பிப் போட்டும் பயன்படுத்துகிறார்கள். கேமரா எந்தக் கோணத்தில் இருந்தது, எந்த வீதத்தில் திரும்பியது என்று பதிவு செய்தால், ராக்கெட்டின் உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுவிடலாம். சினி தியோடலைட் என்ற கருவி இதற்கென்றே செய்யப்பட்டது. படம் எடுக்கும்போதே, ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் கேமரா நோக்கிய கோணங்களையும் நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஒயிட் சாண்ட்ஸில், ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட்டுகளை ஏவிப் பார்த்த காலத்தில், 1946 முதல் அங்கே ராக்கெட்டைப் பின்தொடரும் தொலைநோக்கிகளை உருவாக்கும் வேலையில் இருந்தவர் கிளைட் டோம்பா. 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இரவோடிரவாக மெல்ல ஊரும் புள்ளிகளைத் தேடிப் பழகிய மனிதர், பிறகு விநாடிக்கு விநாடி தாவும் புள்ளிகளைத் துரத்தினார்.

ராக்கெட் நேராகப் போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு கேமரா போதும். அப்படி உறுதி கிடையாது என்பதால் இரண்டு மூன்று இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கோணங்களை அளந்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் ராக்கெட்டை வைக்கிறார்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோணத்தை அளப்பதில் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால், தரையை ஒட்டிய ராக்கெட்டின் உயரத்தில் சுமார் 1.2 மீட்டர் தப்பு வரும். அதே பிசகு 71.6 டிகிரியில் நேர்ந்தால் கிட்டத்தட்ட 12 மீட்டர் தப்பாகும். கேமரா மெதுவாகத் திரும்பும் கட்டத்தில் ராக்கெட்டைப் பிடிப்பது சுலபம்; ஆனால் அளவின் துல்லியம் அப்போதுதான் மோசமாகிறது. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

படம் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கல்பனா சாவ்லா பயணித்த கொலம்பியா விண்ணோடம் கிளம்பி 82 விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. தொலைதூரக் கேமராக்கள் அதைப் பதிவு செய்திருந்தன. ஆனால் ஒன்றில் ஃபோகஸ் சரியாக இல்லை. மற்றவற்றில் இறக்கைக்கு நேர்ந்த சேதத்தை எடைபோடும் அளவுக்குத் தெளிவில்லை. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்ணோடம் சிதறி, ஏழு பேரும் இறந்தார்கள்.

அடுத்த முறை

மருமகனிடம் இதையெல்லாம் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன் மாமா" என்றான். பிறகு, "ஆனா அங்க நின்னுக்கிட்டு 30 டிகிரின்னு எப்படித் தெரியும்?" என்றும் கேட்டான்.

அதற்குக் கருவி தேவையில்லை. கையை நன்றாக நீட்டி விரல்களை மூடிப் பிடியுங்கள். பிடித்த கையின் அகலம், உங்கள் கண்ணுக்குச் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பிடி வையுங்கள். அதன் உச்சிதான் 30 டிகிரி. ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே, அந்த உயரத்தில் ஒரு மேகத்தையோ மரக்கிளையையோ மின்கம்பத்தையோ அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேரும்வரை ஜூமைக் குறைத்தே வைத்து, போனை வேகம் கூட்டித் திருப்புங்கள். ராக்கெட் அதைத் தாண்டியதும் கையைத் தளர்த்தி, அப்புறம் ஜூமை இழுங்கள்.